விதை முளைத்தல் சோதனை: நீர், காற்று, வெம்மை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடிக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சோதனையைச் செய்யும் வாரத்தில் மாணவர்களும், வீட்டில் அவர்களுக்கு உதவும் பெற்றோரும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, விடைகளையும் சேர்த்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்து நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

சார், எந்த விதை எடுத்தா நல்லா வரும்? எங்க வீட்ல வேர்க்கடலை நிறைய இருக்கு.

பச்சைப்பயறு எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெம்மையில் அது ஒன்றரை நாளுக்குள் வேர் காட்டிவிடும். வேரும் வெள்ளையாக, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். இரண்டே நாளில் முடிந்துவிடுவதால் பஞ்சில் பூஞ்சை பிடிப்பதற்குள் எண்ணி முடித்துவிடலாம். முழுப்பயறாக இருக்க வேண்டும். உடைத்த பயறு ஆகாது. பூச்சி துளைத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

வேர்க்கடலையிலும் செய்யலாம். ஆனால் கொடியிலிருந்து அண்மையில் பறித்த கடலை, வகையைப் பொறுத்துச் சில காலம் உறக்கத்தில் இருக்கும். எல்லா வசதியும் கொடுத்தாலும் முளைக்காது. கடையில் வாங்கியது வறுத்த கடலையாக இருந்தால் ஒருபோதும் முளைக்காது. பச்சைப்பயற்றில் இந்தத் தொல்லைகள் குறைவு.

ஒரு கிண்ணத்துக்கு ரெண்டு விதை போதாதா?

போதாது. இரண்டு விதை போட்டு ஒன்று முளைக்காவிட்டால், அதற்குக் காரணம் காற்றில்லாததா, அந்த விதையே செத்ததா என்று சொல்ல வழியில்லை. நல்ல பயற்றிலும் சில விதைகள் முளைக்காது. வேறு சில, தோல் கெட்டியாக இருப்பதால் ஊறாமல் கல்லாகவே நிற்கும். கிண்ணத்துக்கு 20 விதை போட்டால் இப்படி ஒன்றிரண்டு கெட்டாலும் விடை மாறாது. ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்து, நன்றாகக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் போடுங்கள். நல்ல விதைகளைத் தெரிந்தெடுத்து ஒரே கிண்ணத்தில் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைத் தவிர்ப்பதற்காகத்தான் இது.

ஒப்பீட்டு அமைப்புன்னா என்ன? அது எதுக்குத் தனியா ஒரு கிண்ணம்?

நீர், காற்று, வெம்மை ஆகிய மூன்றும் கிடைக்கும் கிண்ணம்தான் ஒப்பீட்டு அமைப்பு. மற்றக் கிண்ணங்கள் ஒவ்வொன்றிலும் இம்மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, மீதி இரண்டையும் அப்படியே வைக்கிறோம். உலர்ந்த கிண்ணத்தில் ஒன்றும் முளைக்கவில்லை என்பது மட்டும் எதையும் சொல்லாது, ஏனென்றால் அந்தப் பயறே செத்த பயறாக இருக்கலாம். அதே பொட்டலத்துப் பயறு, அதே நாளில், பக்கத்துக் கிண்ணத்தில் முளைத்திருந்தால்தான் "நீர் இல்லாததால் முளைக்கவில்லை" என்று சொல்லும் உரிமை நமக்கு வருகிறது.

நான் ஐந்து கிண்ணங்கள் வைக்கச் சொல்கிறேன். அ: ஈரப் பஞ்சு, அறை வெம்மை. ஆ: உலர்ந்த பஞ்சு, அறை வெம்மை. இ: காய்ச்சி ஆறவைத்த நீரில் மூழ்கிய விதைகள், மேலே எண்ணெய். ஈ: அதே அளவு நீரில் மூழ்கிய விதைகள், ஆனால் காற்றுக் குமிழிகள் விடப்படுகின்றன. உ: ஈரப் பஞ்சு, குளிர்சாதனப் பெட்டி. நான்காவது கிண்ணம் பல கையேடுகளில் இருக்காது. அது ஏன் வேண்டும் என்பதைப் பின்னால் ஒரு கேள்வியில் விளக்குகிறேன்.

பஞ்சுல எவ்ளோ தண்ணி ஊத்தணும்? எங்க வீட்ல தண்ணி கொஞ்சம் உப்பா இருக்கும்.

பஞ்சு நன்றாக நனைந்திருக்க வேண்டும். கிண்ணத்தைச் சாய்த்தால் நீர் ஓடக் கூடாது. நீர் தேங்கி விதை பாதி மூழ்கினால், உங்கள் ஒப்பீட்டு அமைப்பே மூழ்கிய கிண்ணத்தைப் போல் ஆகிவிடும். பெற்றோர் அன்பு மிகுந்து, மாலையில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிடுவதால்தான் இந்தத் தவறு பெரும்பாலும் நேர்கிறது. மின்விசிறிக்குக் கீழே வைத்தால் நம் ஊரில் நடுப்பகலுக்குள் பஞ்சு காய்ந்துவிடும். எனவே கிண்ணத்தை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்குள் வையுங்கள்.

உப்பு நீரைப் பயன்படுத்தாதீர்கள். உப்பு மிகுந்தால் விதை நீரை இழுப்பது குறைந்து, முளைப்பதும் தாமதமாகும். பாலாற்றங்கரையில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கரிப்பாக இருக்கிறது. கேன் தண்ணீரோ மழைநீரோ எடுத்து, ஐந்து கிண்ணங்களுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

டப்பாவை மூடிட்டா உள்ள காத்து இல்லாம போயிடாதா?

இரண்டு நாளைக்குப் போகாது. இருபது பச்சைப்பயற்றின் மொத்த எடை ஒரு கிராம் அளவுதான். அவற்றின் சுவாசத்துக்கு ஒரு மதிய உணவு டப்பாவில் உள்ள காற்று தாராளமாகப் போதும். காலையும் மாலையும் எண்ணுவதற்காகத் திறக்கும்போது காற்றும் மாறிவிடுகிறது.

முந்தின நாள் ராத்திரியே எல்லாப் பயறையும் ஊற வச்சிட்டா சீக்கிரம் முளைக்குமே, செய்யலாமா?

செய்யக் கூடாது. இந்தச் சோதனையைக் கெடுக்கும் தவறுகளில் இதுவே முதன்மையானது. விதை நீரை இழுத்த சில மணி நேரத்திலேயே அதன் சுவாசம் தொடங்கிவிடும். முளைத்தலுக்கான வேலைகள் உள்ளே நடக்க ஆரம்பித்துவிடும். அறை வெம்மையில், காற்றுள்ள நீரில் இரவெல்லாம் ஊறிய பயற்றைக் காலையில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மூன்று வசதிகளையும் அனுபவித்துவிட்ட விதையைத்தான் வைக்கிறீர்கள். அது குளிரிலும் சிறிது வேர் நீட்டும். அதைப் பார்த்து வெம்மை தேவையில்லை என்று எழுதிவிடுவீர்கள். ஆ கிண்ணத்திலோ, ஊறிய விதையை உலர்ந்த விதை என்று சொல்லவே முடியாது.

எல்லாக் கிண்ணங்களிலும் உலர்ந்த விதையையே, ஒரே நேரத்தில் இடுங்கள். உ கிண்ணத்துக்கான ஈரப் பஞ்சை இரண்டு மணி நேரம் முன்பே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குளிரச் செய்து, பிறகு அதன் மேல் உலர்ந்த விதையை வையுங்கள்.

பயறு நல்லா ஊதிப் பெருசாயிடுச்சு. தோலும் வெடிச்சிடுச்சு. முளைச்சதுன்னு எழுதிக்கலாமா?

எழுதக் கூடாது. உலர்ந்த விதை நீரை இழுத்து உப்புவதற்கு உயிர் தேவையில்லை. ஐயமிருந்தால் பத்துப் பயற்றை ஐந்து நிமிடம் வேகவைத்து, ஈரப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். அவையும் உப்பும், தோலும் வெடிக்கும். வேர் மட்டும் வராது.

தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வேர் குறைந்தது 2 மில்லிமீட்டர் வெளியே நீண்டிருந்தால் மட்டும் முளைத்தது என்று கணக்கிடுங்கள். அளவுகோலை விதையின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வரையறையைச் சோதனை தொடங்கும் முன்பே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். எண்ணும்போது முடிவு செய்தால், நாம் எதிர்பார்க்கும் கிண்ணத்துக்குத் தாராளமும் மற்றதற்குக் கண்டிப்பும் நம்மை அறியாமலே வந்துவிடும்.

இ கிண்ணத்துல தண்ணியைக் காய்ச்சறது எதுக்கு? எண்ணெய் எதுக்கு?

சாதாரண நீரில் காற்று கரைந்திருக்கிறது. 30 டிகிரி வெம்மையில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றில் உள்ளதோடு ஒப்பிட்டால் இது முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் சில விதைகள் வேரை எட்டிப் பார்க்கவைக்க அது போதும். நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் கரைந்த காற்றில் பெரும்பகுதி வெளியேறிவிடும். மூடியபடியே ஆறவிட வேண்டும். ஆற்றுவதற்காக டீக்கடையில் செய்வதுபோல் தூக்கி ஊற்றினால், வெளியேற்றிய காற்றை நாமே திரும்பக் கரைத்துவிடுகிறோம்.

ஆறிய நீரைத் தம்ளரின் சுவரோரமாக மெல்ல ஊற்றுங்கள். பிறகு விதைகளைப் போடுங்கள். அவை அடியில் தங்கிய பின், கடைசியாக ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சமையல் எண்ணெய் விடுங்கள். இந்த வரிசை முக்கியமானது. எண்ணெய்க்குப் பின் விதையைப் போட்டால், எண்ணெய் பூசிய விதை கீழே இறங்கும். பிறகு "எண்ணெய்தான் முளைக்கவிடாமல் தடுத்தது" என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

தண்ணிக்குள்ள முழுகிக் கிடந்ததாலதான் முளைக்கல. காத்து இல்லாததாலன்னு எப்படிச் சொல்றீங்க?

மிகச் சரியான ஐயம். ஒரு சட்டத்தில் மூன்று அவரைக்கொட்டைகளைக் கட்டி, ஒன்றை நீருக்கு மேலும், ஒன்றை நீர்மட்டத்திலும், ஒன்றை நீருக்கு அடியிலும் வைக்கும் பழைய சோதனையில் இதற்கு விடை இல்லை. அடியில் உள்ள கொட்டைக்குக் காற்றும் குறைவு, நீரும் அளவுக்கு மிகுதி. இரண்டும் ஒன்றாகவே மாறுவதால் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சோதனையில் ஓர் இடத்துக்கு ஒரே விதைதான் என்பதும், வெம்மை சோதிக்கப்படவே இல்லை என்பதும் மற்ற இரு குறைகள்.

இதைத் தீர்ப்பதற்குத்தான் ஈ கிண்ணம். மீன் தொட்டிக்குப் பயன்படும் சிறிய காற்றுப் பம்பை எடுத்து, அதன் குழாயை இன்னொரு தம்ளரின் அடிவரை விடுங்கள். இ தம்ளரில் உள்ள அதே அளவு நீர், அதே காய்ச்சிய நீர், அதே 20 விதைகள், ஆனால் எண்ணெய் இல்லை. அரைமணி நேரம் குமிழி விட்டபின் விதைகளைப் போட்டு, இரண்டு நாளும் பம்பை ஓடவிடுங்கள். இங்கும் விதை முழுக்க மூழ்கியே இருக்கிறது. இது முளைத்து இ முளைக்காமல் போனால், குற்றம் மூழ்கியதில் இல்லை, காற்று இல்லாததில்தான் என்று சொல்லலாம்.

சென்ற ஆடி மாதத்தில் எட்டாம் வகுப்புக் குழு ஒன்று இதைச் செய்தது. அறை வெப்பநிலை 29 முதல் 32 டிகிரி வரை இருந்தது. 48 மணி நேரத்தில் அ கிண்ணத்தில் 19, ஆவில் 0, இயில் 2, ஈயில் 17, உவில் 0 விதைகள் முளைத்திருந்தன. ஈ தம்ளரில் பயறுகள் குமிழிகளோடு உருண்டுகொண்டே வேர் விட்டிருந்ததைப் பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இ தம்ளரைத் திறந்தபோது புளித்த மாவின் வாடை அடித்தது. எண்ணெய்க்குக் கீழே சிறு குமிழிகள் ஒட்டியிருந்தன. காற்றில்லாத விதை சிறிது காலம் நொதித்தல் வழியாக ஆற்றலைப் பெற முயலும். அதில் கரியமில வாயுவும் சாராயப் பொருளும் உண்டாகும், கிடைக்கும் ஆற்றலோ மிகக் குறைவு. நீரில் பெருகும் நுண்ணுயிர்களும் அந்த வாடைக்குக் காரணம்.

ஃப்ரிட்ஜுக்குள்ள இருட்டாச்சே. வெளிச்சம் இல்லாததாலகூட முளைக்காம இருக்கலாமே?

இருக்கலாம், எல்லாக் கிண்ணங்களையும் இருட்டில் வைக்காவிட்டால். அதனால்தான் டப்பாவுக்குள் வைக்கச் சொன்னேன். அ, ஆ, உ மூன்றும் ஒரே மாதிரியான எவர்சில்வர் டப்பாக்களில் இருக்கட்டும். இ, ஈ தம்ளர்களைக் கறுப்புத் துணியால் சுற்றிவிடுங்கள். இருட்டில் இருந்த அ கிண்ணம் முளைத்துவிட்டால், பச்சைப்பயறு முளைக்க வெளிச்சம் தேவையில்லை என்பதும் தானாகவே தெரிந்துவிடும். கல்யாண வீட்டில் பாலிகை தெளித்த பயறு வெளிச்சம் குறைந்த மூலையிலும் வெளுப்பாக நீண்டு வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். எல்லா விதைகளும் இப்படி இல்லை. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் சிறு விதைகளும் உண்டு. எனவே முடிவை எழுதும்போது பயற்றின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள்.

வெம்மை நல்லதுன்னா மொட்டை மாடில வச்சா இன்னும் சீக்கிரம் வரணுமே? எனக்கு ஒண்ணுமே வரல.

பச்சைப்பயற்றுக்கு 30 டிகிரியை ஒட்டிய வெம்மை மிகவும் ஏற்றது. கோடையில் நம் ஊர்க் காற்றே 40 டிகிரியைத் தாண்டும். வெயில்படும் மொட்டை மாடியில் மூடிய எவர்சில்வர் டப்பாவின் உட்புறம் அதைவிட மிகவும் சூடாகும். அந்தச் சூட்டில் ஈர விதை முளைக்காது, செத்துப்போகும். பஞ்சும் காய்ந்துபோவதால் நீரும் இல்லாமல் போகிறது. உங்கள் டப்பாவில் இரண்டு காரணங்களும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

தெர்மாமீட்டரை டப்பாவுக்குள் வைத்து, காலையும் மதியமும் இரவும் அளந்து எழுதுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் அப்படியே. பெட்டியின் நடுத்தட்டு 4 அல்லது 5 டிகிரியில் இருக்க, காய்கறித் தட்டு அதைவிடச் சற்று வெம்மையாக இருக்கலாம். நீண்ட மின்வெட்டு வந்தால் உள்ளே வெப்பநிலை ஏறிவிடும். அந்த நேரத்தைக் குறித்து வைக்காவிட்டால், உ கிண்ணத்தில் முளைத்த ஒரு விதைக்குப் பின்னால் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

முளைக்காத விதையெல்லாம் செத்துப் போச்சுன்னு அர்த்தமா?

இல்லை, இதைச் சோதித்தும் பார்க்கலாம். 48 மணி நேரக் கணக்கு முடிந்ததும் ஆ, இ, உ விதைகளை எடுத்துப் புதிய ஈரப் பஞ்சில் அறை வெம்மையில் வையுங்கள். மேலே சொன்ன குழுவில், இரண்டு நாள் கழித்து ஆ விதைகளில் 19 முளைத்தன. உ விதைகளில் 16. இ விதைகளில், முன்பே வேர் காட்டிய இரண்டையும் சேர்த்து, 7 மட்டுமே.

நீரில்லாத விதை காத்திருந்தது. அதற்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை. குளிரில் இருந்ததும் பெரும்பாலும் காத்தே இருந்தது, ஆனால் பச்சைப்பயறு குளிரில் நீரை இழுக்கும்போது சில விதைகளுக்குச் சேதம் உண்டாகலாம். ஊறியும் காற்றில்லாமல் கிடந்ததோ பலவும் செத்துப்போனது. "முளைக்கவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த மூன்று வேறு நிலைகளும் மறைந்துவிடுகின்றன. இந்த இரண்டாம் கட்டத்தை விட்டுவிட வேண்டாம் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

இ-ல ரெண்டு முளைச்சுது இல்ல, அதை அழிச்சிட்டு 0-ன்னு போட்டா முடிவு அழகா இருக்குமே?

போடக் கூடாது. அந்த 2 உண்மையைச் சொல்கிறது. காய்ச்சிய நீரிலும் சிறிது காற்று எஞ்சும். எண்ணெய் காற்று கரைவதைத் தாமதப்படுத்துமே தவிர முழுதாகத் தடுக்காது. விதையின் உள்ளேயும் தோலுக்கு அடியிலும் கொஞ்சம் காற்று சிக்கியிருக்கும். அந்த இரண்டு வேர்களும் 3 மில்லிமீட்டரோடு நின்றுவிட்டன, அ கிண்ணத்திலோ வேர்கள் 2 சென்டிமீட்டர் வரை நீண்டிருந்தன. வேரின் நீளத்தையும் சேர்த்து எழுதினால், அழிக்க நினைத்த அந்த 2 உங்கள் முடிவுக்கே வலுச் சேர்க்கும்.

"விதை முளைக்க நீர், ஆக்சிஜன், வெப்பம் தேவை என நிரூபிக்கப்பட்டது"ன்னு முடிவு எழுதினேன். ஏன் மதிப்பெண் குறைச்சீங்க?

மூன்று இடங்களில் அந்த வாக்கியம் சோதனையைத் தாண்டிச் செல்கிறது. நீங்கள் சோதித்தது பச்சைப்பயறு, எல்லா விதைகளையும் அல்ல. நீங்கள் நீக்கியதும் சேர்த்ததும் காற்று. காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தனியே பிரித்துப் பார்க்கவில்லை. ஆக்சிஜன்தான் காரணம் என்பது உண்மையே, ஆனால் அது பாடநூலிலிருந்து உங்களுக்குத் தெரிந்தது. இந்தத் தம்ளர்கள் அதைச் சொல்லவில்லை. மேலும், எந்தக் கிண்ணத்தை எதனோடு ஒப்பிட்டீர்கள் என்பதும், எண்களும் அதில் இல்லை.

இப்படி எழுதலாம்: "29 முதல் 32 டிகிரி வெம்மையில், ஈரமும் காற்றும் கிடைத்த 20 பச்சைப்பயறுகளில் 19 இரண்டு நாளில் முளைத்தன. ஈரம் மட்டும் இல்லாத கிண்ணத்தில் ஒன்றும் முளைக்கவில்லை; பின்னர் ஈரம் கொடுத்தபோது 19 முளைத்தன. ஆகவே இந்தப் பயறு முளைக்க நீர் தேவை. நீரில் மூழ்கிய இரு தம்ளர்களில், காற்று விட்டதில் 17ம், காற்றை நீக்கியதில் 2ம் முளைத்தன. ஆகவே காற்றும் தேவை. மூழ்கியது மட்டும் தடையாக இருக்கவில்லை. ஏறத்தாழ 5 டிகிரியில் இருந்தவற்றில் இரண்டு நாளில் எதுவும் முளைக்கவில்லை. வெளியே எடுத்தபின் 16 முளைத்தன. ஆகவே அந்தக் குளிர் முளைத்தலைத் தடுத்தது. 5க்கும் 29க்கும் இடைப்பட்ட வெப்பநிலைகளை நாங்கள் சோதிக்கவில்லை. காற்றுத் தம்ளரில் விதைகள் அசைந்துகொண்டும் இருந்தன. அசைவின் விளைவைத் தனியே பார்க்கவில்லை." கடைசி இரண்டு வாக்கியங்களுக்காக நான் மதிப்பெண்ணைக் கூட்டித்தான் போடுவேன்.

எங்க தாத்தா நெல்லைத் தண்ணில போட்டாலே முளைக்கும்ங்கறார். அப்போ காத்து தேவையில்லைன்னு ஆகுதே?

தாத்தா சொல்வது சரி, நெல் ஒரு தனி வகை. காற்று மிகக் குறைந்த நீருக்கடியிலும் நெல்லால் முளைக்கத் தொடங்க முடியும். ஆனால் அப்போது எது வருகிறது என்று பாருங்கள். முளைக்குருத்தை மூடியிருக்கும் வெளிர்நிற உறை மட்டும் நூல்போல் மேல்நோக்கி நீளும். வேர் வராது, பச்சை இலையும் விரியாது. நீர்மட்டத்துக்கு மேல் எட்டிக் காற்றைப் பிடித்த பிறகே வேர் வளரும். பச்சைப்பயற்றிடம் இந்தத் திறமை இல்லை.

தாத்தாவிடம் விதைநெல்லை எப்படி முளைகட்டுவார் என்றும் கேளுங்கள். ஒரு நாள் ஊறவைத்து, நீரை முழுக்க வடித்து, ஈரச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடிவைப்பார். வடிப்பது காற்றுக்காக, மூடுவது வெம்மைக்காகவும் ஈரம் காயாமல் இருப்பதற்காகவும். மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் உள்ளே கதகதப்பாக இருக்கும். அது விதைகளின் சுவாசத்தில் பிறந்த சூடு. நெல்லில் இந்தச் சோதனையைச் செய்ய விரும்பினால், இ தம்ளரில் வேரையும் குருத்தையும் தனித்தனிப் பத்திகளில் எண்ணுங்கள். முளைத்தலுக்கு 2 மில்லிமீட்டர் வேர் என்று முன்பு சொன்ன வரையறை நெல்லுக்குப் போதாது.